1 மோலார் டிரிஸ், pH 8.0: ஒரு பாட்டில் பஃபரை முதலிலிருந்து கடைசிவரை தயாரிப்பது

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர்களிடம் சீனியர்கள் முதலில் தள்ளிவிடும் வேலைகளில் ஒன்று இது: "அரை லிட்டர் டிரிஸ் போட்டு வெச்சிருங்க, ஒன் மோலார், pH எட்டு." கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இந்த ஒரு பாட்டிலுக்குள்ளேயே மோலார் கணக்கு, அமில பாட்டிலின் மேல் இருக்கும் சதவீதக் கணக்கு, pH மீட்டரைக் கேலிபரேட் செய்வது, வெப்பநிலைத் தொல்லை எல்லாமே அடங்கியிருக்கின்றன. அதனால் இதையே எடுத்துக்கொண்டு போவோம். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் மற்ற பஃபர்களுக்கு எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

எடைக் கணக்கு

ஒரு லிட்டர் கரைசலில் ஒரு மோல் பொருள் இருந்தால் அது 1 மோலார். ஒரு மோல் என்பது அந்தப் பொருளின் மூலக்கூறு எடையைக் கிராமில் எடுத்துக்கொள்வது. ஆகவே:

எடை (கிராம்) = மோலாரிட்டி × மூலக்கூறு எடை × கனஅளவு (லிட்டர்)

டிரிஸின் மூலக்கூறு எடை 121.14. அரை லிட்டருக்கு 1 × 121.14 × 0.5 = 60.57 கிராம். கணக்கு அவ்வளவுதான்.

இந்த மூலக்கூறு எடையை இணையத்தில் தேடாதீர்கள், மனப்பாடத்திலிருந்தும் எடுக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். டிரிஸ் என்ற பெயரில் அலமாரியில் இரண்டு பாட்டில்கள் இருக்கலாம்: ஒன்று வெறும் டிரிஸ் பேஸ், மற்றொன்று டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு. இரண்டாவதன் எடை 157.60. அதில் அமிலம் ஏற்கனவே சேர்ந்திருப்பதால் கரைத்தவுடன் pH 5-க்குப் பக்கத்தில் நிற்கும். அதன்மேல் HCl ஊற்றினால் இன்னும் கீழேதான் போகும். நமக்கு வேண்டியது டிரிஸ் பேஸ்.

நீரேற்றிய உப்புகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். மெக்னீசியம் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில்லாத MgCl₂-வின் எடை 95.21. ஆய்வகத்தில் பெரும்பாலும் இருப்பதோ MgCl₂·6H₂O, அதன் எடை 203.30. 100 மி.லி. 1 மோலார் கரைசலுக்கு 20.33 கிராம் போட வேண்டிய இடத்தில் 9.52 கிராம் போட்டால், பாட்டிலில் 1 மோலார் என்று எழுதியிருக்கும், உள்ளே பாதிகூட இருக்காது. பார்வைக்கு இரண்டும் தெளிந்த தண்ணீர்தான், எந்த வித்தியாசமும் தெரியாது. பிசிஆர் வேலை செய்யாதபோதுதான் சந்தேகமே வரும்.

அடுத்தது கனஅளவு. "ஒரு லிட்டர் கரைசலில்" என்பதுதான் வரையறை, "ஒரு லிட்டர் தண்ணீரில்" என்பது இல்லை. நீர்த்த கரைசல்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. செறிவான கரைசலில் வரும். 5 மோலார் NaCl அரை லிட்டர் வேண்டுமென்றால் 146.1 கிராம் உப்பு. அதை 500 மி.லி. தண்ணீரில் கொட்டிக் கரைத்தால் மொத்தம் சுமார் 550 மி.லி. வந்துவிடும், செறிவும் 4.5 மோலாருக்கு இறங்கிவிடும். ஆகவே எப்போதும் கடைசி அளவில் எழுபது, எண்பது சதவீதம் தண்ணீரில் முதலில் கரையுங்கள். அப்புறம் அளவு உருளையிலோ ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கிலோ ஊற்றி, குறி வரை தண்ணீர் சேருங்கள். பீக்கரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கோடுகள் உத்தேசத்துக்குத்தான். அவற்றை நம்பி கனஅளவு முடிக்கக் கூடாது.

சதவீதம் என்றால் எந்தச் சதவீதம்?

"10% எஸ்டிஎஸ்" என்றால் 100 மி.லி. கரைசலில் 10 கிராம் தூள். திடப்பொருளைத் திரவத்தில் கரைக்கும்போது வேறு எதுவும் சொல்லாவிட்டால் இப்படித்தான் எடுத்துக்கொள்வது வழக்கம். இங்கே மூலக்கூறு எடை தேவையே இல்லை. எஸ்டிஎஸ் தூள் லேசானது, மூச்சில் ஏறினால் மூக்கும் தொண்டையும் எரியும். எடை போடும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். குலுக்கினால் நுரை பொங்கி அளவுக் குறியே தெரியாது, அதனால் மெதுவாகச் சுழற்றிக் கரையுங்கள். ஏசி அறையில் அடுத்த நாள் வெள்ளையாகப் படிந்திருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். லேசாகச் சூடாக்கினால் மறுபடி கரைந்துவிடும்.

"70% எத்தனால்" என்பது கனஅளவுக்குக் கனஅளவு. 95% எத்தனாலிலிருந்து அரை லிட்டர் வேண்டுமென்றால் 70 × 500 ÷ 95, அதாவது ஏறக்குறைய 368 மி.லி. எடுத்து, தண்ணீர் சேர்த்து 500 மி.லி. குறிக்குக் கொண்டுவர வேண்டும். 132 மி.லி. தண்ணீரைத் தனியாக அளந்து சேர்த்தால் 500 வராது. எத்தனாலும் தண்ணீரும் கலக்கும்போது மொத்தக் கனஅளவு கொஞ்சம் சுருங்கும்.

மூன்றாவது வகை எடைக்கு எடை. நம் வேலைக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் HCl பாட்டிலில் இருப்பது இதுதான். "37%" என்று போட்டிருந்தால் 100 கிராம் அமிலத்தில் 37 கிராம் HCl என்று பொருள். அமிலத்தை நாம் மி.லி. கணக்கில் அளப்பதால் அடர்த்தியும் வேண்டும், அதுவும் லேபிளில் இருக்கும், சுமார் 1.19. ஒரு லிட்டர் அமிலத்தின் எடை 1190 கிராம். அதில் 37 சதவீதம் 440 கிராம். HCl-இன் மூலக்கூறு எடை 36.46-ஆல் வகுத்தால் 12 மோலுக்குச் சற்று மேலே வரும். அடர் HCl-ஐ 12 மோலார் என்று சொல்வது இப்படித்தான். பாட்டிலுக்குப் பாட்டில் இந்தச் சதவீதம் 35 முதல் 38 வரை மாறும், திறந்து திறந்து மூடிய பழைய பாட்டிலில் இன்னும் குறைந்திருக்கும்.

எவ்வளவு அமிலம் பிடிக்கும்?

இதை முன்கூட்டியே கணக்கிட முடியும். பலர் இதைச் செய்யாமல் சொட்டுச் சொட்டாக விட்டு அரை மணி நேரம் நிற்பார்கள். டிரிஸின் pKa 25 டிகிரியில் சுமார் 8.06. pH அதற்குச் சமமாக இருந்தால் டிரிஸில் சரிபாதி அமிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது 8.0, கொஞ்சம் கீழே, ஆகவே பாதிக்குக் கொஞ்சம் மேலே: ஏறக்குறைய 53 சதவீதம். நம்மிடம் இருப்பது அரை மோல் டிரிஸ். அதில் 53 சதவீதம் 0.267 மோல். 12 மோலார் அமிலத்தில் அது சுமார் 22 மி.லி. நடைமுறையில் 21-க்குப் பக்கத்தில் முடியும்.

இந்த எண் கையில் இருப்பதால் இரண்டு லாபம். முதல் 17, 18 மி.லி.யைத் தயங்காமல் சேர்க்கலாம். இரண்டாவது, 10 மி.லி.யிலேயே மீட்டர் 8.0 காட்டினாலோ, 35 மி.லி. போயும் 8.6-இலேயே நின்றாலோ, எங்கோ தப்பு என்று உடனே தெரிந்துவிடும்: எடை தப்பு, பாட்டில் தப்பு, இல்லாவிட்டால் மீட்டர் தப்பு.

கரைப்பது

ஒரு லிட்டர் பீக்கரில் 380 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீர், மேக்னடிக் பீட், ஸ்டிரர். 60.57 கிராம் டிரிஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பீக்கரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். டிரிஸ் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. முழுதும் தெளிந்த பிறகு அறை வெப்பநிலைக்கு வரட்டும் என்று விட்டுவிட்டு மீட்டர் பக்கம் போகலாம்.

pH மீட்டரைக் கேலிபரேட் செய்வது

மீட்டர் உண்மையில் அளப்பது pH-ஐ அல்ல, மில்லிவோல்ட்டை. கண்ணாடிக் குமிழின் உள்ளும் புறமும் உள்ள ஹைட்ரஜன் அயனி வித்தியாசத்தால் ஒரு மின்னழுத்தம் உண்டாகிறது. நல்ல எலக்ட்ரோடு pH 7-இல் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும், அங்கிருந்து ஒவ்வொரு pH-க்கும் 25 டிகிரியில் 59.16 மில்லிவோல்ட் மாறும். எலக்ட்ரோடு பழசாகும்போது அந்தப் பூஜ்யமும் நகரும், 59 என்பதும் குறையும். "உன் பூஜ்யம் இன்றைக்கு இங்கே இருக்கிறது, உன் சாய்வு இன்றைக்கு இவ்வளவு" என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கேலிபரேஷன்.

மீட்டரை ஆன் செய்து பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். எலக்ட்ரோடை அதன் 3 மோலார் KCl மூடியிலிருந்து எடுங்கள். மேலே பக்கவாட்டில் KCl நிரப்பும் சிறு துளை இருந்தால் அதன் ரப்பர் மூடியைத் திறக்க வேண்டும். மூடியே இருந்தால் KCl வெளியே கசியாது, ரீடிங் நிலைக்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே KCl மட்டம் துளைக்குச் சற்றுக் கீழே வரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வாஷ் பாட்டிலால் கழுவி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் குமிழில் நிலைமின்சாரம் ஏறி ரீடிங் கொஞ்ச நேரம் அலையும்.

எந்த பஃபர்களில் கேலிபரேட் செய்வது? நாம் அளக்கப்போகும் எண் இரண்டு பஃபர்களுக்கு நடுவில் வர வேண்டும். 8.0-க்கு 7-உம், அதற்கு மேலே ஒன்றும். மேலே என்று வரும்போது கவனம் தேவை. நம் ஊர் ஆய்வகங்களில் மாத்திரையாகவோ கேப்ஸ்யூலாகவோ வாங்கி 100 மி.லி. தண்ணீரில் கரைக்கும் பஃபர்கள் பெரும்பாலும் 4.0, 7.0, 9.2. ஆனால் பல டிஜிட்டல் மீட்டர்களில் ஏற்கனவே பதிந்திருக்கும் தொகுப்பு 4.01, 7.00, 10.01. நீங்கள் 9.2-ஐ வைக்க, மீட்டர் அதை 10.01 என்று எடுத்துக்கொண்டால், 2.2 pH தூரத்தின் மில்லிவோல்ட்டை 3.01-ஆல் வகுத்து, சாய்வு 73 சதவீதம்தான் என்று முடிவுகட்டும். சில மீட்டர்கள் பிழை காட்டி நின்றுவிடும். காட்டாமல் ஏற்றுக்கொள்கிற மீட்டர்தான் ஆபத்து. அமைப்புகளுக்குள் போய் பஃபர் தொகுப்பை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் எண்ணைக் கையால் கொடுங்கள்.

சரி, இப்போது 7 பஃபரைச் சின்ன பீக்கரில், குமிழும் அதன் மேலே பக்கவாட்டில் இருக்கும் சிறு பீங்கான் புள்ளியும் மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். வெப்பநிலைப் புரோபும் உள்ளே இருக்க வேண்டும், புரோப் இல்லையென்றால் வெப்பமானியில் பார்த்து எண்ணைக் கொடுங்கள். `CAL` அழுத்தி, ரீடிங் நிலைக்கும்வரை காத்திருந்து உறுதி செய்யுங்கள். கழுவி, ஒற்றி, 9.2-இலும் அதையே செய்யுங்கள். முடிந்ததும் மீட்டர் சாய்வைச் சதவீதத்தில் காட்டும். 95-க்கு மேலே இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 90-க்குக் கீழே என்றால் அந்த எலக்ட்ரோடை வைத்து எதையும் அளக்க வேண்டாம். மில்லிவோல்ட் பார்க்க முடிந்தால் 7 பஃபரில் பூஜ்யத்திலிருந்து முப்பதுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு 7 பஃபரில் இன்னொரு முறை வைத்துச் சாதாரணமாக அளந்து பாருங்கள். 6.95-க்கும் 7.05-க்கும் நடுவில் வர வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் வைத்து "7 காட்டுகிறதா" என்று சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது சோதனையே இல்லை. அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுத்து 5.6 வரைக்கும் இறங்கும், அயனிகள் போதாததால் ரீடிங்கும் நிலைக்காது.

பயன்படுத்திய பஃபரைத் திரும்ப பாட்டிலில் ஊற்றக் கூடாது. 9.2, 10 இரண்டும் காற்றுப் பட்டாலே மெல்ல இறங்கும். பீக்கரில் நேற்று விட்டுப்போன 10 பஃபரில் கேலிபரேட் செய்தால், எலக்ட்ரோடு நன்றாக இருந்தும் சாய்வு குறைவாகத்தான் வரும். எனவே சாய்வு மோசமாக வந்தால் எலக்ட்ரோடைச் சபிக்கும் முன் புது பஃபரில் ஒருமுறை செய்து பாருங்கள். அப்படியும் மோசமென்றால், குமிழை 0.1 மோலார் HCl-இல் அரை மணி நேரம் வைத்துக் கழுவி, KCl-இல் சில மணி நேரம் ஊறவிடுங்கள். பல எலக்ட்ரோடுகள் இதில் பிழைத்துக்கொள்ளும். எதில் வைத்தாலும் 7-க்குப் பக்கத்திலேயே ஒரே எண்ணைக் காட்டினால் குமிழில் விரிசல் இருக்கலாம். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரிசல் என்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அமிலம் சேர்ப்பதும் சூட்டைச் சமாளிப்பதும்

இப்போது பீக்கர் அறை வெப்பநிலைக்கு வந்திருக்கும். எலக்ட்ரோடை ஸ்டாண்டில் பொருத்தி, சுழலும் பீட் குமிழில் இடிக்காத உயரத்தில் இறக்குங்கள். ஃபியூம் ஹுட்டுக்குள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அடர் HCl-ஐ 17, 18 மி.லி. வரை மெதுவாகச் சேருங்கள். பீக்கர் இப்போது நன்றாகச் சூடாகும். இந்த இடத்தில்தான் அதிகப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

டிரிஸின் pH வெப்பநிலையோடு மாறும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 0.028 இறங்கும். அமிலம் சேர்த்த சூட்டில் கரைசல் 35 டிகிரியில் இருக்கும்போது 8.0 என்று நிறுத்தினால், 25-க்கு ஆறியதும் அது 8.28 ஆகியிருக்கும். "மீட்டரில் ஏடிசி என்ற தானியங்கி வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். பார்த்துக்கொள்ளாது. ஏடிசி திருத்துவது எலக்ட்ரோடின் மில்லிவோல்ட் சாய்வை மட்டும்தான். 35 டிகிரியில் அந்தக் கரைசலின் உண்மையான pH என்னவோ அதைச் சரியாகச் சொல்லும். 25 டிகிரியில் என்னவாக இருக்கும் என்று அதற்குத் தெரியாது.

அதனால் அந்த 17, 18 மி.லி. போனதும் நிறுத்தி, பீக்கரைக் குளிர்ந்த நீரில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மிச்சத்தை, பத்தில் ஒரு பங்காக நீர்த்த அமிலம் கையில் இருந்தால் அதைக் கொண்டு, பிபெட்டால் சேருங்கள். ஒவ்வொரு முறையும் ரீடிங் நிலைக்கும்வரை பொறுங்கள். டிரிஸில் எலக்ட்ரோடு மெதுவாகவே நிலைக்கும். சாதாரண ஒற்றைச் சந்தி எலக்ட்ரோடுகளில் இந்தத் தாமதம் இன்னும் அதிகம். டிரிஸே அதிகம் அளக்கும் ஆய்வகத்துக்கு இரட்டைச் சந்தி எலக்ட்ரோடு வாங்குவது நல்லது.

ஏசி இல்லாத அறை, மே மாதம், தண்ணீரே 32 டிகிரி என்றால்? 25-க்குக் குளிர்விக்க முடியாவிட்டால் கணக்குப் போட்டு நிறுத்தலாம்: ஏழு டிகிரிக்கு 0.2, ஆகவே 32-இல் 7.8 என்று முடித்தால் 25-இல் 8.0 இருக்கும். அப்படிச் செய்தால் லேபிளில் அதை எழுதிவிடுங்கள். இதே பஃபரைக் குளிரறையில் 4 டிகிரியில் பயன்படுத்தப் போகிறவருக்கு அங்கே pH 8.6 ஆகிவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்பேட் பஃபரில் இந்த அளவு ஆட்டம் கிடையாது.

அமிலம் கூடிப்போய் 7.7-க்கு இறங்கிவிட்டால் உடனே NaOH-ஐத் தேடிப் போகாதீர்கள். அது pH-ஐ மேலே கொண்டுவரும், கூடவே நீங்கள் கேட்காத NaCl-ஐயும் உள்ளே விட்டுவிடும். 7.95 என்று கொஞ்சம் இறங்கியிருந்தால் விட்டுவிடலாம். நிறைய இறங்கினால், என்னைக் கேட்டால், pH 7.5 டிரிஸ் எப்படியும் ஒருநாள் தேவைப்படும். இன்னும் கொஞ்சம் அமிலம் சேர்த்து அதை 7.5 பாட்டிலாக்கிவிட்டு, 8.0-ஐப் புதிதாகத் தொடங்குவேன்.

pH சரியானதும் அளவு உருளைக்கு மாற்றி, பீக்கரையும் பீட்டையும் கொஞ்சம் தண்ணீரால் அலசி அதையும் சேர்த்து, 500 மி.லி.க்குக் கொண்டுவாருங்கள். முதலிலேயே 500 ஆக்கிவிட்டு அமிலம் சேர்த்தால் 521 மி.லி. கிடைக்கும், 1 மோலார் இருக்காது. முதலில் 380 மி.லி. தண்ணீரோடு நின்றது இந்த இடத்துக்காகத்தான்.

பாட்டிலும் லேபிளும்

பொருள், செறிவு, pH, எந்த வெப்பநிலையில் pH பார்த்தது, தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து. "டிரிஸ் 8" என்று மட்டும் எழுதிய பாட்டில்கள் ஒவ்வொரு ஆய்வகத்திலும் உண்டு, அவற்றை யாரும் நம்பித் தொடுவதில்லை. ஆட்டோகிளேவ் செய்து அறை வெப்பநிலையில் வைக்கலாம்.

எலக்ட்ரோடைக் கழுவி, துளையை மூடி, 3 மோலார் KCl-இல் திரும்ப வையுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்தால் உள்ளே இருக்கும் அயனிகள் மெல்ல வெளியேறி, சில வாரங்களில் ரீடிங் மந்தமாகிவிடும்.

இந்த 1 மோலாரிலிருந்து 50 மில்லிமோலார் ஒரு லிட்டர் எடுக்க, 50 மி.லி.யை அளந்து ஒரு லிட்டர் ஆக்கினால் போதும். பத்து மடங்கு நீர்த்தால் டிரிஸின் pH சுமார் 0.1 இறங்கும், இருபது மடங்கில் இன்னும் சற்றுக் கூட. பெரும்பாலான வேலைகளுக்கு இது பொருட்டில்லை. நொதி வேலை செய்பவர்கள் மட்டும் நீர்த்த கரைசலை இன்னொரு முறை மீட்டரில் பார்த்துக்கொள்ளட்டும்.